குறட்டை என்று விட்டுவிடாதீர்கள்

மார்பகப் புற்றுநோய் முதுகெலும்புவரை பரவிவிட்ட 68 வயது அம்மா ஒருவர் வீட்டில் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மார்ஃபின் மாத்திரையால் மலச்சிக்கலும் குமட்டலும் தாங்கமுடியாமல் போனதால், மருத்துவர் சில வாரங்களுக்கு முன் ஃபென்டனில் பேட்ச்சுக்கு மாற்றியிருக்கிறார். தோலில் ஒட்டிவிட்டால் மணிக்கு 25 மைக்ரோகிராம் வீதம் மருந்து உடம்புக்குள் இறங்கிக்கொண்டே இருக்கும். 72 மணி நேரம் ஆனதும் பழையதை எடுத்துவிட்டு வேறோர் இடத்தில் புதியதை ஒட்ட வேண்டும். வலி அடங்கி, அம்மா எழுந்து உட்கார்ந்து சாப்பிடுகிறார். வீடே கொஞ்சம் மூச்சுவிட்டிருக்கிறது.

ஒரு நாள் மாலை மருமகள் புது பேட்ச்சை மார்பில் ஒட்டுகிறார். பழையது முதுகில் இருப்பது யாருக்கும் நினைவில்லை. அன்றைக்கென்று காய்ச்சல் வேறு. முதுகு பிடித்துக்கொண்டது என்று அம்மா சொல்ல, மகன் வெந்நீர்ப் பையைத் துணியில் சுற்றி முதுகுக்கடியில் வைக்கிறார். தூக்கம் வராது என்று, வீட்டில் ஏற்கெனவே இருந்த அல்பிரசோலம் மாத்திரை ஒன்றையும் கொடுக்கிறார்கள். பதினொரு மணிக்கு அறையிலிருந்து கனத்த குறட்டைச் சத்தம் வருகிறது. "ரெண்டு நாளா கண்ணே மூடல. இன்னைக்காவது நல்லா தூங்கட்டும், எழுப்பாதீங்க" என்று சொல்லிக் கதவைச் சாத்துகிறார்கள்.

இந்த வீட்டில் யாரும் அலட்சியமானவர்கள் அல்லர். ஒவ்வொன்றையும் அன்பினால்தான் செய்தார்கள். ஆனால் அந்தக் குறட்டை தூக்கத்தின் சத்தம் அல்ல. ஓபியாய்டு வகை வலிநிவாரணிகள் அளவுமீறும்போது நடப்பது வெளிப்பார்வைக்கு அயர்ந்த தூக்கத்தைப் போலவே இருக்கும். துடிப்பு இல்லை, அலறல் இல்லை. அதனால்தான் பக்கத்திலேயே ஆள் இருந்தும் பல உயிர்கள் போகின்றன.

ஓபியாய்டு என்பது அபினிலிருந்து வந்த மார்ஃபின், கோடீன் தொடங்கி, ஆய்வுக்கூடத்தில் உருவான ஃபென்டனில், டிரமடால், டேப்பென்டடால்வரை நீளும் குடும்பம். வலிமையில் இவற்றுக்குள் மலைக்கும் மடுவுக்குமான வேறுபாடு உண்டு. ஃபென்டனிலை மைக்ரோகிராமிலும் மார்ஃபினை மில்லிகிராமிலும் அளப்பதிலிருந்தே அது தெரியும். ஆனால் வேலை செய்யும் பூட்டு ஒன்றுதான். நரம்பணுக்களின் மேற்பரப்பில் 'மியூ' என்ற ஏற்பி இருக்கிறது. மருந்து அதில் போய் ஒட்டியதும் அந்த அணு அமைதியாகிவிடும். அடுத்த அணுவுக்குச் செய்தி அனுப்புவது குறையும். வலியைக் கடத்தும் பாதையில் இது நடந்தால் நிவாரணம். சிக்கல் என்னவென்றால், அதே ஏற்பிகள் மூச்சை நடத்தும் இடத்திலும் இருக்கின்றன.

மூளையின் அடித்தண்டில், கழுத்தை ஒட்டிய பகுதிக்கு முகுளம் என்று பெயர். அங்கே சில ஆயிரம் நரம்பணுக்கள் அடங்கிய சிறு திரள் ஒன்று, நாம் தூங்கினாலும் விழித்தாலும், மூச்சுக்குத் தாளம் போட்டுக்கொண்டிருக்கிறது. 1991-இல் ஜாக் ஃபெல்ட்மன் உள்ளிட்ட ஆய்வாளர்கள் எலிகளில் இதை இனங்கண்டார்கள். 'ப்ரீ பாட்சிங்கர்' என்று இதற்குப் பெயர். (பக்கத்துப் பகுதிக்கு ஒரு ஜெர்மன் வைனின் பெயரை ஏற்கெனவே வைத்திருந்தார்கள். அதை ஒட்டி இருப்பதால் இதற்கு இந்தப் பெயர். உயிர்மூச்சின் ஊற்றுக்கு மது பாட்டிலின் பெயர்!) இந்தத் திரளின் அணுக்கள் பலவற்றில் மியூ ஏற்பிகள் உண்டு. ஓபியாய்டு வந்து ஒட்டினால் தாளத்தின் இடைவெளி நீளும். நிமிடத்துக்குப் பதினைந்து மூச்சு பத்தாகும், எட்டாகும், ஐந்தாகும்.

தாளம் தளர்ந்தால் உடம்பு சும்மா இருக்குமா? சாதாரணமாக இருக்காது. மூச்சு குறைந்தால் ரத்தத்தில் கரியமில வாயு ஏறும். அதை உணரும் அணுக்களும் அடித்தண்டில் இருக்கின்றன. தொட்டியில் தண்ணீர் குறைந்ததும் தானாக மோட்டாரைப் போட்டுவிடும் கருவியைப் போல, வாயு கொஞ்சம் ஏறியதுமே அவை மூச்சை முடுக்கிவிடும். மூக்கைப் பொத்திக்கொண்டு அரை நிமிடம் இருந்து பார்த்தால் நமக்கு வரும் தவிப்பு பெரும்பாலும் ஆக்சிஜன் குறைந்ததால் வருவதில்லை. கரியமில வாயு ஏறியதால் வருவது. ஓபியாய்டு இந்தக் காவலையும் மழுங்கடிக்கிறது. வாயு ஏறிக்கொண்டே போகும். மூளை அதைப் பொருட்படுத்தாது. மூச்சு முட்டுகிறது என்ற உணர்வே நோயாளிக்கு வராது. எனவே கையைக் காலை உதைத்து, பக்கத்தில் இருப்பவரை எழுப்பி, "மூச்சு விட முடியல" என்று சொல்ல அவருக்குக் காரணமே இல்லை.

இதே குணம் இன்னொரு இடத்தில் வரமாகவும் இருக்கிறது. நுரையீரல் நோய் முற்றி, எப்போதும் மூச்சு முட்டும் தவிப்பில் இருப்பவர்களுக்கு, நோய்த்தணிப்பு மருத்துவர்கள் மிகச் சிறிய அளவில் மார்ஃபின் தந்து அந்தத் தவிப்பைத் தணிக்கிறார்கள். அளவுதான் வேறு, நடக்கும் வேலை ஒன்றே.

மூன்றாவதாக, தொண்டை. அரைமயக்கத்தில் தொண்டைத் தசைகள் தளர்ந்து, நாக்கு பின்னால் சரிந்து, காற்றுப் பாதையைப் பாதி அடைக்கும். உள்ளே போகும் கொஞ்ச நஞ்சக் காற்றும் அந்த இடுக்கில் உரசிக்கொண்டு போகும்போது வரும் சத்தம்தான் அந்தக் குறட்டை. சளியோ எச்சிலோ சேர்ந்தால் களகளவென்று கொப்பளிப்பதுபோல் கேட்கும்.

அம்மாவின் வீட்டுக்கு வருவோம். 72 மணி நேரம் ஆனபின்பும் பழைய பேட்ச்சில் கணிசமான மருந்து மிச்சமிருக்கும். சூடு பட்டால் அது வேகமாக வெளியேறும். தோலுக்கடியில் ரத்த ஓட்டமும் கூடி, ரத்தத்தில் சேர்வதும் வேகமாகும். காய்ச்சலும் இதே வேலையைத்தான் செய்யும். அதனால்தான் பேட்ச் ஒட்டிய இடத்தில் வெந்நீர்ப் பை, ஹீட்டிங் பேட் எதுவும் கூடாது என்று மருந்தோடு வரும் தாளில் எழுதியிருக்கிறார்கள். அல்பிரசோலம் வேறொரு வழியில் மூளையை மந்தமாக்கும் மருந்து. ஓபியாய்டோடு சேரும்போது இரண்டும் ஒன்றையொன்று கைதூக்கிவிடும். மதுவும் அப்படியே. மாலையில் ஒட்டிய புதிய பேட்ச் இந்தக் கணக்கில் இன்னும் முழுதாகச் சேரவே இல்லை என்பதுதான் கவலைக்குரியது. பேட்ச்சின் மருந்து ரத்தத்தில் உச்சம் தொட அரை நாளிலிருந்து ஒரு நாள் ஆகும். இன்றிரவு அம்மா தப்பித்தாலும் நாளைக் காலை ஆபத்து காத்திருக்கிறது.

பதினொரு மணிக்கு அந்த அறைக்குள் யாராவது போயிருந்தால் என்ன பார்த்திருக்க வேண்டும்?

முதலில் எழுப்பிப் பார்க்க வேண்டும். தூங்குகிறவரை எழுப்புவது பாவம் என்ற நம் தயக்கத்தை இந்த ஒரு விஷயத்தில் ஓரமாக வைத்துவிட வேண்டும். பெயர் சொல்லி உரக்கக் கூப்பிட்டு, தோளை உலுக்க வேண்டும். அசைவில்லை என்றால் நெஞ்சின் நடு எலும்பின்மேல் முஷ்டியின் மொழிகளை வைத்து அழுத்தித் தேய்க்க வேண்டும். வலிக்கத்தான் செய்யும், வலிக்க வேண்டும் என்றுதான் செய்கிறோம். தூங்குகிறவர் கையைத் தட்டிவிடுவார், திட்டுவார். மருந்து மீறியவர் அசையமாட்டார். அல்லது கண்ணைப் பாதி திறந்து ஏதோ முனகிவிட்டு, கையை எடுத்ததும் மறுபடி சரிந்துவிடுவார். அப்படிச் சரிவதும் ஆபத்தின் அறிகுறியே.

அடுத்தது மூச்சை எண்ணுவது. செல்போனில் நேரம் பார்த்துக்கொண்டு முழுசாக ஒரு நிமிடம், வயிறோ நெஞ்சோ எத்தனை முறை எழும்புகிறது என்று எண்ண வேண்டும். பெரியவர்களுக்கு 12 முதல் 20 வரை இயல்பு. பத்துக்குக் கீழே போனால் கவனம் தேவை. எட்டுக்குக் கீழே என்றால் ஆபத்து. ஆள் எழவேயில்லை என்றால் இந்த எண்ணிக்கைக்காக நேரம் கடத்தாமல் உதவிக்கு அழைத்துவிட வேண்டும். இரண்டு மூச்சுக்கு நடுவே பத்து வினாடி, பதினைந்து வினாடி எதுவுமே இல்லாமல், பிறகு ஒரு பெருமூச்சு வந்தால் அதைப் பார்த்து ஆறுதலடையக் கூடாது.

பிறகு கண். இமையைத் தூக்கிப் பார்த்தால் நடுவிலுள்ள கறுப்புப் பாவை குண்டூசித் தலை அளவுக்குச் சுருங்கியிருக்கும். எழாமை, மூச்சுத் தளர்ச்சி, சுருங்கிய பாவை ஆகிய மூன்றும் சேர்ந்து வருவதைத்தான் உலக சுகாதார நிறுவனம் ஓபியாய்டு மிகையின் அடையாளமாகச் சொல்கிறது. ஆனால் ஓபியாய்டு தொடர்ந்து எடுப்பவர்களுக்குச் சாதாரண நாளிலும் பாவை சிறுத்துத்தான் இருக்கும். வேறு மருந்து கலந்திருந்தாலோ, மூளைக்கு ஏற்கெனவே ஆக்சிஜன் பற்றாமல் போயிருந்தாலோ விரிந்தும் இருக்கலாம். எனவே கண்ணை மட்டும் பார்த்து முடிவுகட்ட வேண்டாம். மூச்சுதான் தலைமைச் சாட்சி.

நிறத்தையும் சொல்ல வேண்டும். உதடு நீலமாகும் என்று புத்தகங்கள் எழுதுவது வெளிர்நிறத் தோலுக்குச் சரி. நம் மாநிறத்திலும் கறுப்பிலும் முகம் சாம்பல் பூத்ததுபோல் ஆகும். நீலம் வெளிப்படையாகத் தெரியாது. உதட்டை மடித்து உட்பக்கத்தையும் ஈறுகளையும் நகக்கண்களையும் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். உடம்பு சில்லிட்டு, கையைத் தூக்கிவிட்டால் துணிபோல் விழும்.

கொரோனா காலத்தில் வாங்கிய பல்ஸ் ஆக்சிமீட்டர் பல வீடுகளில் இருக்கிறது. விரலில் மாட்டிப் பார்க்கலாம். குறைவாகக் காட்டினால் நம்பலாம். சரியாகக் காட்டினால் மட்டும் நம்பிவிடக் கூடாது. குறிப்பாக நோயாளி கான்சென்ட்ரேட்டரிலோ சிலிண்டரிலோ ஆக்சிஜன் எடுத்துக்கொண்டிருந்தால் இது பெரிய பொறி. நிமிடத்துக்கு ஆறு மூச்சு விட்டாலும், உள்ளே போவது செறிவான ஆக்சிஜன் என்பதால் கருவி 96, 97 என்று காட்டும். வெளியேற வேண்டிய கரியமில வாயுவோ உள்ளேயே ஏறிக்கொண்டிருக்கும். அதை அந்தக் கருவி அளப்பதே இல்லை. எண்ணைப் பார்த்து நிம்மதியாகப் போய்ப் படுத்துவிடுவார்கள். கருவியைவிட ஒரு நிமிடம் நெஞ்சைப் பார்த்து எண்ணுவது மேல்.

இனி செய்ய வேண்டியது. 108-ஐ அழைத்து, ஸ்பீக்கரில் போட்டுவிட்டு, "ஓபியாய்டு மருந்து எடுப்பவர், எழுப்பினால் எழவில்லை, மூச்சு குறைவு" என்று இந்த மூன்றையும் முதலிலேயே சொல்ல வேண்டும். வெந்நீர்ப் பையை எடுத்துவிட்டு, உடம்பு முழுவதும் தேடி எல்லா பேட்ச்சையும் உரிக்க வேண்டும். வீட்டில் இன்னொருவர் இருந்தால் இந்த வேலையை அவரிடம் விட்டுவிடலாம்; ஏனென்றால் முதல் வேலை மூச்சு.

ஓபியாய்டு மிகையில் இதயம் முதலில் நிற்பதில்லை. மூச்சு முதலில் நிற்கிறது. அதன்பின் சில நிமிடங்கள்வரை இதயம் துடித்துக்கொண்டிருக்கும். ஆக்சிஜன் இல்லாமல் நான்கைந்து நிமிடத்தில் மூளை பழுதாகத் தொடங்கும். பிறகுதான் இதயம் கைவிடும். அந்த இடைவெளியில் நம் மூச்சைக் கடன் கொடுத்தே ஆளைப் பிடித்து நிறுத்த முடியும். மல்லாக்கப் படுக்கவைத்து, நெற்றியில் ஒரு கையை வைத்துத் தலையைப் பின்னால் சாய்த்து, மறுகையால் முகவாயைத் தூக்க வேண்டும். சரிந்த நாக்கு விலகுவதால், சில நேரம் இதிலேயே குறட்டை நின்று காற்று தாராளமாகப் போகும். போதவில்லை என்றால் மூக்கைப் பொத்தி, வாயோடு வாய் பொருத்தி, ஒரு வினாடி நீளத்துக்கு ஊத வேண்டும். நெஞ்சு எழும்பினால் காற்று போகிறது என்று பொருள். ஐந்து அல்லது ஆறு வினாடிக்கு ஒரு முறை, ஆம்புலன்ஸ் வரும்வரை. மூச்சே இல்லை, அல்லது மீன் வாயைத் திறப்பதுபோல் எப்போதாவது வாயைப் பிளக்கிறார், உடம்பில் வேறு உயிர்ப்பே தெரியவில்லை என்றால் நெஞ்சை அழுத்தத் தொடங்கிவிட வேண்டும்: 30 அழுத்தம், 2 மூச்சு, மறுபடி 30. தானாக மூச்சு சீராக வந்துவிட்டால் ஒருக்களித்துப் படுக்கவைக்க வேண்டும். வாந்தி வந்தாலும் நுரையீரலுக்குள் போகாது.

நம் ஊர்க் கைவைத்தியங்கள் இங்கே உதவா. முகத்தில் தண்ணீர் அடிப்பது, காபியோ எலுமிச்சைச் சாறோ புகட்டுவது, உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்கவைப்பது, இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு நடக்கவைப்பது எல்லாமே நேர விரயம். அரைமயக்கத்தில் இருப்பவர் வாயில் எதை ஊற்றினாலும் அது மூச்சுக்குழாய்க்குத்தான் போகும்.

மாற்று மருந்து இருக்கிறது. 1961-இல் அமெரிக்காவில் ஜாக் ஃபிஷ்மனும் மோசஸ் லூயன்ஸ்டீனும் உருவாக்கிய நலோக்சோன், மியூ ஏற்பியில் உட்கார்ந்திருக்கும் ஓபியாய்டைத் தள்ளிவிட்டு அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும். இரண்டு மூன்று நிமிடத்தில் மூச்சு திரும்பும். பார்ப்பவர்களுக்கு அற்புதம்போல் இருக்கும். அமெரிக்காவில் 2023 முதல் இதன் மூக்கு ஸ்பிரேயை மருந்துச் சீட்டு இல்லாமலே கடைகளில் வாங்கலாம். நம் ஊரில் இது மருத்துவமனையில் போடும் ஊசியாகவே பெரும்பாலும் புழங்குகிறது. இதில் தெரிந்துவைத்திருக்க வேண்டியது அதன் ஆயுள்: அரை மணியிலிருந்து ஒன்றரை மணி நேரம். பேட்ச்சை உரித்த பின்னும் தோலில் தேங்கிய ஃபென்டனில் ரத்தத்தில் பாதியாகக் குறையவே 17 மணி நேரமோ அதற்கு மேலோ ஆகும். ஊசி போட்டதும் எழுந்து உட்கார்ந்து, "எனக்கு ஒண்ணுமில்ல, வீட்டுக்குப் போலாம்" என்று சொல்லும் அம்மா, இரண்டு மணி நேரம் கழித்து அதே மயக்கத்துக்குத் திரும்பலாம். குறைந்தது ஒரு நாளாவது மருத்துவமனையில் கண்காணிப்பில் இருந்தே ஆக வேண்டும்.

புற்றுநோயாளிகள் மட்டும் என்று நினைக்க வேண்டாம். அறுவைச் சிகிச்சைக்குப் பின்பும் மூட்டு வலிக்கும் எழுதித்தரப்படும் டிரமடாலும் இந்தக் குடும்பம்தான். அது மிகும்போது மூச்சு தளர்வதோடு வலிப்பும் வரலாம். அப்போது காக்காய்வலிப்பு என்று திசைமாறிப் போகிறார்கள். கோடீனைச் சிலரின் கல்லீரல் பரம்பரைக் காரணத்தால் அதிவேகமாக மார்ஃபினாக மாற்றிவிடும். டான்சில் அறுவைக்குப் பின் கோடீன் கொடுக்கப்பட்ட குழந்தைகள் சிலர் இப்படி இறந்ததையடுத்து, அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2013-இல் எச்சரித்தது. 2017-இல் கோடீனும் டிரமடாலும் 12 வயதுக்குட்பட்டவர்களுக்குத் தரவே கூடாது என்றது. பெரியவருக்கு எழுதிய இருமல் டானிக்கைப் பேரனுக்கு ஒரு மூடி ஊற்றித் தரும் பழக்கம் உள்ள வீடுகள் இதைக் குறித்துக்கொள்வது நல்லது.

சில வாரம் மருந்தை நிறுத்தியிருந்து, பழைய அளவிலேயே மீண்டும் தொடங்குகிறவர்கள் இன்னொரு கூட்டம். உடம்பின் பழக்கம் விட்டுப்போயிருக்கும். முன்பு தாங்கிய அளவே இப்போது மூச்சை நிறுத்தும். போதை மறுவாழ்வு மையத்திலிருந்து வீடு திரும்பிய முதல் வாரங்கள் அதனால்தான் ஆபத்தானவை. சிறுநீரகம் பழுதானவர்களுக்கோ மார்ஃபினின் கழிவுகள் வெளியேறாமல் சேர்ந்துகொண்டே போய், அளவு மாறாமலேயே மூன்றாம் நான்காம் நாளில் மயக்கம் வரலாம்.

இவற்றையெல்லாம் படித்துவிட்டு, வலியில் துடிக்கும் நோயாளிக்கு மார்ஃபினே வேண்டாம் என்று யாராவது முடிவெடுத்தால் அதைவிடக் கொடுமை இல்லை. வலி தானே மூச்சை முடுக்கிவிடும் ஒரு தூண்டல். வலி இருக்கிற அளவுக்கு, சிறிதில் தொடங்கிப் படிப்படியாக ஏற்றித் தரும் மார்ஃபின் பாதுகாப்பானது. உலகெங்கும் புற்றுநோயாளிகள் வருடக்கணக்கில் எடுத்துக்கொண்டு நடமாடுகிறார்கள். நம் நாட்டில் மார்ஃபின் மிஞ்சிச் செத்தவர்களைவிட அது கிடைக்காமல் கதறிச் செத்தவர்களே அதிகம் என்பது என் உறுதியான எண்ணம். ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும்: கதிர்வீச்சாலோ நரம்புத் தடுப்பு ஊசியாலோ வலி திடீரென்று குறைந்துவிட்டால், நேற்றுவரை பொருத்தமாக இருந்த அளவு இன்று மிகையாகிவிடும். பகலெல்லாம் அசதி, பேச்சில் குழறல், சாப்பிடும்போதே கண் சொக்குவது என்று அது முதலில் தலைகாட்டும். அந்தக் கட்டத்திலேயே மருத்துவருக்குப் போன் செய்துவிட்டால் நள்ளிரவு ஆம்புலன்ஸ் தேவைப்படாது.

உங்கள் வீட்டில் யாராவது பேட்ச் போட்டிருந்தால், ஒட்டும்போதே தேதியையும் நேரத்தையும் பேனாவால் அதன்மேல் எழுதுங்கள். புதியதைப் பிரிப்பதற்கு முன் பழையது கைக்கு வந்தாக வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். எடுத்ததை ஒட்டும் பக்கம் உள்ளே வரும்படி மடித்து, குழந்தைகள் கைக்கு எட்டாமல் வைத்து, அடுத்த முறை மருத்துவமனையிலேயே ஒப்படையுங்கள். வீசியெறிந்த பேட்ச்சை எடுத்து ஒட்டிக்கொண்டும் வாயில் போட்டும் குழந்தைகள் இறந்திருக்கிறார்கள். தூக்க மாத்திரை ஏதாவது கொடுக்கிறீர்கள் என்றால் அதை மருத்துவரிடம் சொல்லுங்கள். இந்த நோயாளிக்கு நலோக்சோன் வீட்டில் வைத்திருக்க வேண்டுமா என்று அவரிடம் நீங்களாகவே கேளுங்கள்.

எழாமல் கிடப்பவரைத் தூக்கிக்கொண்டு ஓடும்போது மருந்து அட்டையையும் பேட்ச் உறையையும் மறக்காமல் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். எந்த மருந்து, எத்தனை மைக்ரோகிராம், எப்போது போட்டது என்பது தெரிந்தால் மருத்துவர் சோதனை முடிவுகளுக்குக் காத்திராமல் உடனே ஊசியைப் போட்டுவிடுவார்.